மேடையும் கதவும் எந்தக் கடிகாரத்தில் ஓடுகின்றன?

ஓடும் பேருந்தில் நிற்பவரை அதன் தளம் உராய்வால் தன்னோடு இழுத்துச் செல்கிறது. கணினி விளையாட்டில் நகரும் மேடைமீது நிற்கும் கதாபாத்திரத்துக்கு இந்த வசதி கிடையாது. நாம் விசைகளை அழுத்தி நடத்திச் செல்லும் உருவம், பெரும்பாலான விளையாட்டுகளில், விசைக்கும் உராய்வுக்கும் கட்டுப்பட்ட பொருளே அல்ல. கண்ணுக்குத் தெரியாத மாத்திரை வடிவக் கூடு ஒன்று. ‘இந்தத் திசையில் இவ்வளவு நகர்’ என்று நிரல் சொன்னால், எதிலும் முட்டாத வரை அவ்வளவு நகரும். காலடியில் தரை நகர்ந்தாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே, தரையின் வேகத்தை யாராவது கேட்டறிந்து கதாபாத்திரத்தின் நகர்வோடு கூட்ட வேண்டியிருக்கிறது. மேடை ஆளைச் சுமக்கிறது என்று நாம் பார்ப்பது இந்தக் கூட்டலைத்தான்.

கூட்டுவது எளிது. கூட்டப்படும் வேகம் எங்கிருந்து வந்தது, எந்தக் கடிகாரத்தை வைத்து அளக்கப்பட்டது என்பதில்தான் சிக்கல். மேடையிலிருந்து வழுக்கும் நாயகன், கதவைத் திறந்ததும் சுவருக்குள் போய்விடும் நாயகன், சிலருடைய கணினியில் மட்டும் எட்டாமல் போகும் தாவல் என்று எனக்குக் காட்டப்படும் குறைகளில் பலவற்றுக்கு இதுவே வேர். கோடோ எஞ்சினை வைத்தே இதைப் பேசுகிறேன். அதன் மூல நிரல் எவரும் படிக்கத் திறந்திருக்கிறது. உள்ளே நடப்பதை ஊகிக்கத் தேவையில்லை.

கோடோவுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று திரைக்கானது. கணினியால் எவ்வளவு விரைவாகப் படம் வரைய முடியுமோ அவ்வளவு விரைவாக அது ஓடும்: ஒரு மானிட்டரில் வினாடிக்கு 60 ஃபிரேம், இன்னொன்றில் 144, பழைய மடிக்கணினியில் 30. மற்றது பிசிக்ஸுக்கானது. அது வினாடிக்கு 60 டிக் என்ற நிலையான கணக்கில் ஓடும். மோதல்கள் கணக்கிடப்படுவதும், கதாபாத்திரத்தை நகர்த்தும் `move_and_slide()` வழக்கமாக அழைக்கப்படுவதும் இந்த இரண்டாவது கடிகாரத்தில்தான். ஆனால் மேடையையும் கதவையும் அசைக்கும் `AnimationPlayer`, நாமாக மாற்றாவிட்டால், முதல் கடிகாரத்தைப் பின்பற்றுகிறது. அதாவது தரை ஒரு கடிகாரத்தில் நகர்கிறது, அதன்மேல் நிற்பவர் இன்னொன்றில் நகர்கிறார்.

இதனால் என்ன ஆகிறது என்பதை ஒரு மேடையை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் அகலப் பள்ளத்தை 4 வினாடியில் சீராகக் கடக்கும் மேடை. வேகம் வினாடிக்கு 1.5 மீட்டர். அதை `AnimatableBody3D` என்ற வகையில் செய்திருக்கிறோம் என்று கொள்வோம். `StaticBody3D` இங்கே உதவாது. அதை நகர்த்தினால், பிசிக்ஸைப் பொறுத்தவரை, ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றுகிறது. அதற்கு வேகம் என்று ஒன்று இல்லை, எனவே கூட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. `AnimatableBody3D` வேறு மாதிரி. ஒவ்வொரு டிக்கிலும் எஞ்சின் அதன் பழைய இடத்தையும் புதிய இடத்தையும் ஒப்பிட்டு, இடைவெளியை டிக்கின் நேரத்தால் வகுத்து, வேகத்தை மதிப்பிடுகிறது. கதாபாத்திரம் வாங்கிக்கொள்வது இந்த மதிப்பீட்டைத்தான். அனிமேஷன் கோப்பில் எழுதியிருக்கும் வேகத்தை அது அறியாது.

இப்போது 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு டிக் நேரத்துக்குள் 2.4 ஃபிரேம்கள் வர வேண்டும். ஃபிரேமைப் பின்னமாக வரைய முடியாது. சில டிக்குகளுக்கு இடையே இரண்டு ஃபிரேம், சிலவற்றுக்கு இடையே மூன்று என்றுதான் விழும். ஒரு ஃபிரேமில் மேடை சுமார் 1.04 செ.மீ. நகர்கிறது. இரண்டு ஃபிரேம் விழுந்த டிக்கில் எஞ்சின் காணும் நகர்வு 2.08 செ.மீ.; அது வினாடிக்கு 1.25 மீட்டர் என்று கணக்கிடும். மூன்று விழுந்த டிக்கில் நகர்வு 3.12 செ.மீ.; வேகம் 1.875 மீட்டர் ஆகிவிடும். மேடை சீராகத்தான் போகிறது. அதன்மேல் நிற்பவருக்குச் சொல்லப்படும் வேகமோ வினாடிக்குப் பல முறை இந்த இரண்டு எண்களுக்கிடையே தாவுகிறது. சராசரி 1.5 என்பதால் அவர் மேடையை விட்டு விழுவதில்லை. நின்ற இடத்தில் நடுங்குகிறார், அவ்வளவே. பலரும் இந்த நடுக்கத்தைக் கேமராவின் குறை என்று எண்ணி, கேமராவைச் சீர்ப்படுத்துவதில் நேரம் செலவிடுகிறார்கள்.

30 ஃபிரேம் மட்டுமே வரையும் கணினியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஒரு ஃபிரேமுக்கு இரண்டு டிக். முதல் டிக்கில் மேடை 5 செ.மீ. தாவியதாகத் தெரியும், வேகம் 3 மீட்டர். அடுத்த டிக்கில் மேடை அசையவே இல்லை, வேகம் பூஜ்யம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரிலோ ஒரு டிக்குக்குப் பெரும்பாலும் ஒரே ஃபிரேம்தான் விழும். எல்லாம் சரியாகத் தெரியும். விளையாட்டை உருவாக்குபவரின் மேசையில் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருந்தால், இந்தக் குறை அவர் கண்ணில் படாமலேயே வெளியீட்டு நாள் வந்துவிடும்.

நடுக்கத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். தாவல் அப்படியல்ல. கோடோவில் மேடையை விட்டு எழும்பும் கதாபாத்திரம், இயல்பான அமைப்பில், அந்தக் கணத்து மேடை வேகத்தைத் தன் வேகத்தோடு சேர்த்துக்கொள்கிறது. எஞ்சின் தரும் மாதிரி நிரலில் குதிக்கும் வேகம் வினாடிக்கு 4.5 மீட்டர். ஈர்ப்பு 9.8 என்றால் ஏறத்தாழ 0.92 வினாடி அந்தரத்தில் இருக்கலாம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில், எந்த டிக்கில் விசையை அழுத்தினோம் என்பதைப் பொறுத்து மேடை தந்த வேகம் மட்டும் நம்மை 1.15 மீட்டரோ 1.72 மீட்டரோ கொண்டுபோகும். அரை மீட்டருக்கும் மேலான இந்த வேறுபாடு ஆட்டக்காரரின் திறமையால் வந்ததல்ல. 30 ஃபிரேம் கணினியில் அது பூஜ்யத்துக்கும் 2.75 மீட்டருக்கும் இடைப்பட்ட சீட்டுக் குலுக்கல். (இடையே ஒன்று: அதே மாதிரி நிரலை மாற்றாமல் பயன்படுத்துவோருக்கு இந்த வேறுபாடு தெரியாது. அடுத்த டிக்கிலேயே கிடைமட்ட வேகத்தை அந்நிரல் புதிதாக எழுதிவிடுவதால் மேடை தந்த வேகம் முழுவதும் அழிந்துபோகிறது. ஒரு குறை இன்னொரு குறையை மறைத்து நிற்கும் இடம் அது.)

மருந்து ஒற்றை வரிதான். `AnimationPlayer`இன் கடிகாரத்தைப் பிசிக்ஸுக்கு மாற்ற வேண்டும்:

```gdscript
$AnimationPlayer.callback_mode_process = \
    AnimationMixer.ANIMATION_CALLBACK_MODE_PROCESS_PHYSICS
```

இதன்பின் எந்த மானிட்டரிலும் ஒவ்வொரு டிக்கிலும் மேடை 2.5 செ.மீ. நகரும், மதிப்பிடப்படும் வேகம் 1.5ஆகவே இருக்கும். சோதிக்கவும் வழி உண்டு. V-Sync-ஐ அணைத்துவிட்டு, `Engine.max_fps`ஐ 30, 60, 144 என்று மாற்றிக்கொண்டே, மேடையில் நிற்கும் கதாபாத்திரத்தின் `get_platform_velocity()` தரும் எண்ணை அச்சிட்டுப் பாருங்கள். மூன்றிலும் ஒரே எண் நிலையாக வந்தால் கடிகாரங்கள் ஒன்றாகிவிட்டன. எண் தாவினால், தாவும் அளவே எத்தனை ஃபிரேம் எத்தனை டிக்கில் விழுகிறது என்பதைச் சொல்லிவிடும்.

கூடவே `sync_to_physics` என்ற அமைப்பும் இயங்கட்டும். `AnimatableBody3D`இல் அது இயல்பாகவே இயங்குகிறது. அனிமேஷன் புதிய இடத்தைச் சொன்னதும் எஞ்சின் அதைப் பிசிக்ஸுக்கு அனுப்பிவிட்டு, பிசிக்ஸ் கணக்கு முடியும் வரை மேடையைப் பழைய இடத்திலேயே வைத்திருக்கும். அதனால் அனிமேஷன் தடம் அந்த உடலின் இடத்தையே மாற்ற வேண்டும். கதவையோ மேடையையோ ஒரு வெற்று முனையின் கீழ் தொங்கவிட்டு, மேலுள்ள முனையை அசைக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. இந்த அமைப்பு இயங்கும்போது தாய் முனையின் நகர்வை உடல் தன் நகர்வாக எடுத்துக்கொள்ளாது.

தரையின் வேகத்தைக் கேட்டறிவது சுமக்கப்படுபவரின் வேலை என்ற இந்த ஏற்பாடு இயற்கை விதி அல்ல. 1996இல் வந்த ‘குவேக்’ விளையாட்டு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. அங்கே லிஃப்டும் கதவும் தள்ளும் பொருள் என்ற ஒரே இனம். `SV_PushMove` என்ற செயற்கூறு தள்ளும் பொருளை நகர்த்தும். அதன்மேல் நிற்பவர்களையும் வழியில் குறுக்கிடுபவர்களையும் அதே அளவு அதே படியில் தானே நகர்த்தும். யாராவது நசுங்கும் நிலை வந்தால், நகர்த்திய அனைவரையும் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு, ‘தடைபட்டேன்’ என்று கதவுக்குச் சொல்லும். நான் அதில் மிகவும் மதிப்பது ஒரு சிறு ஏற்பாட்டை. தள்ளும் பொருள் ஒவ்வொன்றுக்கும் `ltime` என்று சொந்தக் கடிகாரம் உண்டு. நகர்வு கைகூடினால்தான் அது முன்னேறும். தடைபட்டால் அந்தக் கடிகாரமும் பின்னுக்குத் திருப்பப்படும். கதவு நகராதபோது கதவின் நேரமும் நகராது.

கோடோவில் அனிமேஷனுக்கு அந்த அறிவு இல்லை. தடம் சொன்ன இடத்துக்குக் கதவு போயே தீரும், நடுவில் ஆள் இருந்தாலும். கதாபாத்திரம் தன் அடுத்த `move_and_slide()` அழைப்பின்போது, தான் ஏதோ ஒன்றுக்குள் புதைந்திருப்பதைக் கண்டு, அருகிலுள்ள வெளிப்பக்கத்துக்கு விலகிக்கொள்ளும். கதவு ஆளைத் தள்ளியதாக நமக்குத் தெரிவது இந்த விலகல்தான். அசையாமல் நிற்கும்போது `move_and_slide()`ஐ அழைக்காமல் விட்டுக் கணக்கை மிச்சப்படுத்தும் நிரல்களில் கதவு ஆளை ஊடுருவிப் போவதற்குக் காரணமும் இதுவே: விலக வேண்டியவர் விலகும் வேலையைச் செய்யவில்லை.

எந்தப் பக்கம் விலகுவது என்பதில் கடிகாரம் மறுபடி வந்து நிற்கிறது. ஒரு மீட்டர் அகலக் கதவு கால் வினாடியில் 90 பாகை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஓரத்தின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 6.3 மீட்டர், ஒரு டிக்கில் 10.5 செ.மீ. கதாபாத்திரத்தின் கூட்டுக்கு இயல்பான ஆரம் அரை மீட்டர். ஒரே டிக்கில் கதவு அதற்குள் 10 செ.மீ. புதைந்தால் அருகிலுள்ள வெளிப்பக்கம் கதவின் முன்பக்கம்தான். ஆள் சரியான திசையில் தள்ளப்படுவார். இதே கதவு திரைக் கடிகாரத்தில் ஓடுகிறது என்று கொள்ளுங்கள். புதிய காட்சிக்கான படங்கள் ஏறும்போது ஒரே ஃபிரேம் பத்தில் ஒரு வினாடி இழுத்துவிட்டால், கதவின் ஓரம் ஒரே தாவலில் 63 செ.மீ. போகும். கதாபாத்திரத்தின் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. இப்போது அருகிலுள்ள வெளிப்பக்கம் கதவின் பின்புறம். ஆள் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார், இல்லையேல் சுவரையும் தாண்டிப் போவார்.

பிசிக்ஸ் கடிகாரத்தில் அதே தாமதம் நேர்ந்தால் எஞ்சின் தவறவிட்ட ஆறு டிக்குகளையும் வரிசையாக ஓட்டும். ஒவ்வொன்றிலும் கதவு 10.5 செ.மீ. நகரும், ஆள் விலகுவார், மறுபடி நகரும். தாமதம் இன்னும் நீண்டால், ஒரு ஃபிரேமுக்கு 8 டிக் என்ற இயல்பு வரம்பில் எஞ்சின் நின்றுகொள்ளும்; ஆட்டமே கொஞ்சம் மெதுவாகும். அப்போதும் கதவும் ஆளும் சேர்ந்தே மெதுவாகிறார்கள். கணினி எவ்வளவு திணறினாலும் ஒரு படியில் கதவு எவ்வளவு தாவலாம் என்பதற்கு மாறாத உச்சவரம்பு கிடைக்கிறது. மேடையைவிடக் கதவுக்குத்தான் பிசிக்ஸ் நேரம் அதிகம் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் எஞ்சின் ஏன் திரைக் கடிகாரத்தை இயல்பாக வைத்திருக்கிறது? நியாயம் உண்டு. அனிமேஷன்களில் பெரும்பகுதி எதையும் தொடுவதில்லை: கொடி அசைகிறது, விளக்கு மினுங்குகிறது, பட்டியல் சறுக்கி வருகிறது. அவை எவ்வளவு வழவழப்பாக ஓடுகின்றனவோ அவ்வளவு நல்லது. பிசிக்ஸ் நேரத்துக்கு மாறிய மேடை, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் வினாடிக்கு 60 முறைதான் இடம் மாறும். உற்றுப் பார்ப்பவருக்கு அது வெட்டி வெட்டித் தெரியும். ‘மேடையைச் சரி செய்தாயா, கெடுத்தாயா?’ என்று வரைகலைஞர்கள் கேட்பதில் தவறில்லை. இதற்கான விடை பிசிக்ஸ் இடைக்கணிப்பு: இரண்டு டிக் நிலைகளுக்கு இடைப்பட்ட இடத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் கணக்கிட்டுக் காட்டுவது. கோடோ நான்காம் தலைமுறையில் இருபரிமாணத்துக்கு 4.3இலும் முப்பரிமாணத்துக்கு 4.4இலும் இது வந்தது. விலை, திரையில் தெரிவது ஒரு டிக் வரை, அதாவது சுமார் 17 மில்லிவினாடி, பின்தங்கும். அதிவேகச் சண்டை விளையாட்டுக்கு அது கனமான விலையாகலாம். பள்ளம் தாண்டும் விளையாட்டுக்குக் கொடுக்கத் தக்கது என்பது என் கணிப்பு. ஆனால் மேடைக்கும் ஆளுக்கும் சேர்த்தே இடைக்கணிப்பு வேண்டும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால், கணக்கில் சரியாக நிற்பவர் திரையில் வழுக்குவார்.

கடிகாரங்கள் ஒன்றானாலும் ஒரு டிக் பின்தங்கல் மிஞ்சுகிறது. கதாபாத்திரம் வாங்கும் வேகம் மேடையின் முந்தைய டிக் நகர்விலிருந்து வந்தது. சீரான வேகத்தில் இது தெரியாது. வேகம் சட்டென மாறும் இடங்களில் தெரியும். நின்ற லிஃப்ட் திடீரென்று முழு வேகத்தில் இறங்கத் தொடங்கினால் முதல் டிக்கில் தரை விலகிப்போகும். தரையோடு ஒட்டவைக்கும் `floor_snap_length` முப்பரிமாணத்தில் இயல்பாக 10 செ.மீ.; ஆக, ஒரே டிக்கில் வினாடிக்கு 6 மீட்டர் வரையான வேக மாற்றத்தை அது ஏறத்தாழ சமாளிக்கும், அதற்கு மேல் ஆள் அந்தரத்தில் நிற்பார். அனிமேஷனின் இரு முனைகளிலும் வளைவு கொடுத்து வேகத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கினால் இந்த வரம்பை நெருங்கவே வேண்டாம்.

சுழலும் மேடை இன்னும் கொஞ்சம் பிடிவாதமானது. நிற்கும் புள்ளியில் மேடையின் வேகம் வட்டத்தின் தொடுகோட்டுத் திசையில் இருக்கிறது. ஒரு டிக் முழுக்க ஆள் அந்த நேர்கோட்டில் போகிறார், மேடையோ வளைந்து போகிறது. அதனால் ஒவ்வொரு டிக்கிலும் அவர் துளியளவு வெளிப்புறம் தள்ளப்படுகிறார். வினாடிக்கு 90 பாகை சுழலும் மேடையில் மையத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்பவர் வினாடிக்கு ஏறத்தாழ 4 செ.மீ. வெளியே நகர்வார். டிக்குகளை 120 ஆக்கினால் அது பாதியாகும், மறையாது. முகம் திரும்புவதும் தானாக நடக்காது. `get_platform_angular_velocity()` தரும் எண்ணைக் கொண்டு நாமே ஆளைத் திருப்ப வேண்டும். நெடுநேரம் நிற்க வேண்டிய சுழல்மேடையென்றால், ஆள் நிற்கும் இடத்தை மேடையின் அச்சுகளில் குறித்துக்கொண்டு அதன்படி திருத்துவதே முறை. சில வினாடிகளில் தாண்டிப்போகும் மேடைக்கு இந்த உழைப்பை நான் செலவிடுவதில்லை.

ஆள் குறுக்கே நின்றால் நிற்கும் கதவுக்கு வருகிறேன். குவேக்கின் கதவுக்கு இருந்த அறிவைப் பிசிக்ஸ் நேரத்தில் ஓடும் அனிமேஷனுக்கு ஓரளவு கொடுக்கலாம். கதவின் முன்புறம் அதோடு சேர்ந்து நகரும் ஒரு `Area3D` வைத்து, ஆள் நுழைந்தால் நிறுத்தி, விலகினால் தொடரச் சொல்லலாம்:

```gdscript
func _on_guard_body_entered(_body):
    $AnimationPlayer.speed_scale = 0.0

func _on_guard_body_exited(_body):
    $AnimationPlayer.speed_scale = 1.0
```

இருவர் நுழைந்து ஒருவர் மட்டும் விலகினால் இது ஏமாறும். உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையை வைத்துக்கொள்வது நல்லது. கதவையும் சுவரையுமே ஆள் என்று எண்ணிக்கொள்ளாதபடி மோதல் முகமூடியை ஆட்களுக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். காவல் பரப்பின் தடிமனும் தோராயமாக வைக்கும் விஷயமல்ல. ஆள் நுழைந்த செய்தி நமக்கு ஒரு டிக் கழித்தே வந்துசேர்கிறது. டிக்குக்கு 10.5 செ.மீ. பாயும் கதவுக்கு 5 செ.மீ. பரப்பு வைத்தால், செய்தி வருவதற்குள் கதவு ஆளைத் தொட்டிருக்கும். இரண்டு மூன்று டிக் நகர்வுக்கு இடமளிக்கும் 20, 30 செ.மீ. தேவை. இந்தத் தடிமனைக் கணக்கிட்டு வைக்க முடிவதே கதவு ஒரு டிக்கில் எவ்வளவு போகும் என்பது தெரிந்திருப்பதால்தான். திரைக் கடிகாரத்தில் ஓடும் கதவுக்கு அந்த எண் ஒவ்வொரு கணினியிலும் வேறு.